குமிழியை யார் பிடித்து வைப்பது?

பரோட்டா மாஸ்டர் ஒரு மைதா உருண்டையை எண்ணெய் தடவிய கல்லில் தட்டி இரண்டு வீச்சு வீசினால் போதும். அது வேட்டித் துணி போல விரிந்து, அடியில் உள்ள கல் தெரியும் அளவுக்கு மெலிந்துவிடும்; கிழியாது. அதே மாஸ்டரிடம் அரிசி மாவைப் பிசைந்து கொடுங்கள். முதல் வீச்சிலேயே பிய்ந்து விழும். கைத்திறமையில் குறை இல்லை, அரிசி மாவில் குளூட்டன் இல்லை.

குளூட்டனைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? ஒரு எலுமிச்சை அளவு மைதா உருண்டையைக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். பிறகு அதை அந்தத் தண்ணீரிலேயே மெல்லக் கசக்குங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும். அது ஸ்டார்ச். தண்ணீரை நாலைந்து முறை மாற்றிக் கழுவினால், கடைசியில் மென்று துப்பிய சூயிங்கம் போல சாம்பல் நிறத்தில் ஒரு பிசின் கையில் மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இத்தாலியின் போலோஞா நகரத்துப் பெக்காரி இப்படித்தான் கோதுமை மாவைக் கழுவிப் பிரித்தார். 1745-ல் அது அச்சில் வந்தது. கோதுமையில் உள்ள க்ளையாடின், குளூட்டெனின் என்னும் இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசைபடும்போது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருவாகும் வலை இது. முதலாவது நீள வைக்கிறது, இரண்டாவது திரும்ப இழுக்கிறது.

சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இந்த வலைதான் எதிரி. அவர்கள் உடலின் எதிர்ப்பு சக்தி குளூட்டனைக் கண்டு கிளர்ந்து, தன் சிறுகுடலின் உள்சுவரையே தாக்குகிறது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே இன்றுள்ள சிகிச்சை. அப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு ஒரு துண்டு பிரெட் சுட்டுக் கொடுக்கப் போனால்தான், கோதுமை இத்தனை நாளும் சத்தமில்லாமல் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பது தெரிகிறது.

பிரெட் என்பது குமிழிகளை அடைத்து வைத்த வீடு. ஈஸ்ட் வாயுவை விடுகிறது. அதை யாராவது பிடித்து வைக்க வேண்டும். மாவு பொங்கும் ஒரு மணி நேரமும் பிடிக்க வேண்டும். அடுப்புக்குள் சூடேறி வாயு விரியும்போதும் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ 60 டிகிரியிலிருந்து ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி வெந்து, சுவர் தானாக நிற்கும் வரை விடக்கூடாது. கோதுமை மாவில் இந்தப் பொறுப்பு முழுவதையும் குளூட்டனே ஏற்றுக்கொள்கிறது. அது இல்லாத மாவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஆளை நியமிக்க வேண்டும்.

நம் இட்லியும் குளூட்டன் இல்லாமல் பொங்குவதுதானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அங்கே உளுந்தின் புரதமும் அதன் கொழகொழப்பும் குமிழியைப் பிடிக்கின்றன. ஆனால் இட்லிக் குழி ஆழமில்லாதது. பத்து நிமிட ஆவியில் நடுப்பகுதியும் வெந்துவிடும். பிரெட் டின்னின் நடுவுக்குச் சூடு போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க உளுந்து போதாது.

பயிற்சி வகுப்பில் நான் முதலில் சுட்டுக் காட்டுவது தோல்வியைத்தான். அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், ஈஸ்ட், தண்ணீர், வேறெதுவும் கிடையாது. மாவு பொங்கும், மேலே குமிழிகள் உடையும், அடுப்பில் வைத்த கால் மணியில் நடு அமுங்கும். வெட்டிப் பார்த்தால் அடியில் கொழுக்கட்டை போல ஒரு கெட்டி அடுக்கு இருக்கும். நீர்த்த மாவில் அரிசித் துகள்கள் கீழே படிந்ததன் அடையாளம் அது.

அடுத்ததில் சாந்தன் கம் சேர்ப்போம். ஒரு வகை பாக்டீரியாவை இனிப்புக் கரைசலில் வளர்த்து எடுக்கும் பிசின் இது. கலக்கும்போது இளகி, நின்றதும் கெட்டிப்படும் குணம் இதற்கு உண்டு. அதனால் துகள்கள் படிவதில்லை, குமிழிகள் மேலே ஓடுவதும் இல்லை. அரிசி மாவு பிரெட்டுக்கு மாவின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு போதும். இரண்டைத் தாண்டினால் இறுகிய மாவைத் தள்ளிக்கொண்டு குமிழி விரிய முடியாது. பிரெட் குட்டையாகவும் வாயில் ஒட்டுவதாகவும் ஆகிவிடும். ‘இன்னும் கொஞ்சம் போட்டால் நன்றாக இருக்குமே’ என்ற நினைப்புதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு.

மூன்றாவதில் இரண்டு பேரைச் சேர்க்கிறோம். ஒருவர் இசப்கோல் உமி, மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் வாங்குவதேதான். தண்ணீரை இழுத்து ஜெல்லாகி, மாவைக் கையில் உருட்டும் பதத்துக்குக் கொண்டுவருகிறது. குளிர்ந்த கட்டத்தில் குளூட்டனுக்கு மிக அருகில் வருவது இதுதான். இன்னொருவர் எச்.பி.எம்.சி. மரக்கூழிலிருந்தோ பஞ்சிலிருந்தோ கிடைக்கும் செல்லுலோஸை மாற்றிச் செய்த பொடி. சைவ மாத்திரைக் கூடுகள் இதில்தான் செய்யப்படுகின்றன. பெரும்பாலான பிசின்கள் சூட்டில் இளகும். இது நேர்மாறு: குளிரில் கரையும், சூட்டில் ஜெல்லாகும். அதாவது வாயு விரிந்து சுவர் கிழியப் போகும் அதே நேரத்தில் சுவரை இறுக்குகிறது. ஸ்டார்ச் வெந்து நிற்கும் வரை தாங்கிவிட்டு, ஆறும்போது மறுபடி இளகிவிடுகிறது. என் கணிப்பில் அரிசி பிரெட்டை பிரெட்டாக்கியது இந்த ஒரு பொருள்தான்.

அளவு சொல்கிறேன். நைசான பச்சரிசி மாவு 180 கிராம், சேலம் பக்கம் ஜவ்வரிசிக்கு எடுக்கும் அதே மரவள்ளி ஸ்டார்ச் 120 கிராம், எச்.பி.எம்.சி. 6 கிராம், பொடித்த இசப்கோல் 9 கிராம், சர்க்கரை 15, உப்பு 5, உலர்ந்த ஈஸ்ட் 5, எண்ணெய் 18 கிராம், தண்ணீர் 300 மில்லி. மைதாவானால் இந்த 300 கிராமுக்கு 180 மில்லி தண்ணீரே போதும். வித்தியாசம் முழுவதும் பிசின்கள் குடிக்கும் தண்ணீர். பிசின்களை உலர்ந்த மாவோடு முதலிலேயே நன்றாகக் கலந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டி தட்டும். வளர்க்க வலை இல்லாததால் பிசைய வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் அடித்துக் கலந்தால் போதும். டின்னில் பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, ஒரே ஒரு முறை பொங்கவிடுங்கள். மேற்பரப்பில் ஊசிக்கண் போல ஓட்டைகள் தெரிந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். 190 டிகிரியில் ஏறத்தாழ 50 நிமிடம். நிறத்தை நம்பாதீர்கள். நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 97 டிகிரி காட்ட வேண்டும்.

வெளியே எடுத்ததும் இடுப்பு ஒடுங்கினால் தண்ணீர் அதிகம் அல்லது வேக்காடு குறைவு. முழுவதும் ஆறாமல் வெட்டினால், நன்றாக வெந்த பிரெட்டும் கத்தியில் பிசுபிசுக்கும். மறுநாளே வறண்டுபோவதை மட்டும் இந்தப் பிசின்களால் முழுதாகத் தடுக்க முடியவில்லை. வெந்த ஸ்டார்ச் மீண்டும் இறுகுவதுதான் காரணம். குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் அந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது டோஸ்ட் செய்வதே வழி.

இத்தனை பாடுபட்ட பிரெட்டைக் கெடுக்க ஒரு மைதா சல்லடை போதும். ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லக்கூடாது என்பது சர்வதேச கோடெக்ஸ் விதி. இந்தியாவிலும் அதே அளவுதான். கணக்குப் போட்டால், ஒரு கிலோ பிரெட்டில் ஏறத்தாழ கால் கிராம் மைதா. இரண்டு விரலில் எடுக்கும் ஒரு சிட்டிகை. சீலியாக் உள்ளவருக்காக நீங்கள் சுடுவதாக இருந்தால் டின், சல்லடை, கரண்டி மூன்றையும் தனியாக வாங்கி வையுங்கள். மைதா பறந்த அதே நாளில், அதே மேடையில் சுடாதீர்கள்.