நடுவில் இருப்பது புள்ளியா?

அக்கா மகள் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். போன வாரம் நோட்டுப் பக்கத்தைப் போனில் படமெடுத்து அனுப்பி, "மாமா, விடை 10னு போட்டிருக்கு, எனக்கு 17 வருது" என்றாள்.

படத்தில் இருந்தது, சின்ன வயதில் கையெடுக்காமல் வரைந்து பார்ப்போமே, அந்த வீடு. ஒரு சதுரம், மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கோடுகள், மேலே முக்கோணக் கூரை. சதுரத்தின் கீழ் மூலைகள் க, ச. மேலே வலது மூலை ட, இடது மூலை த. கூரை உச்சி ப. இந்தக் கணக்கில் புள்ளிக்கு முனை என்று பெயர். ஒரு முனையில் வந்து சேரும் கோடுகளின் எண்ணிக்கை அதன் படி. ஒவ்வொரு முனையின் படியையும் எழுத வேண்டும். எந்த முனையையும் இரண்டாம் முறை தொடாமல் க-விலிருந்து ப-வுக்கு எத்தனை பாதைகள் என்றும் எண்ண வேண்டும்.

க, ச இரண்டுக்கும் 3, ட, த இரண்டுக்கும் 4, ப-வுக்கு 2. இதுவரை அவள் எழுதியது சரி. அதற்குக் கீழே ஆறாவதாக ஒரு முனை, அதன் படி 4. குறுக்குக் கோடுகள் வெட்டும் இடத்தில் பேனா மை திரண்டிருந்தது; படமும் கொஞ்சம் கலங்கல். பார்த்தால் புள்ளி மாதிரியேதான் தெரிந்தது.

"கூட்டிச் சரிபார்த்தேனே!" என்றாள். பார்த்திருந்தாள்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு நுனி உண்டு என்பதால், படிகளைக் கூட்டினால் கோடுகளின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு வரவேண்டும். கோனிஸ்பர்க் பாலங்களைப் பற்றிய 1736ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆய்லர் சொன்னது இது. நடுப்புள்ளியைச் சேர்த்ததும் குறுக்குக் கோடுகள் இரண்டும் நான்காக உடைந்து மொத்தம் 10 கோடுகள். படிகளின் கூட்டுத்தொகை 20. அசல் படத்தில் 8 கோடுகள், கூட்டுத்தொகை 16. இரண்டுமே பொருந்துகின்றன! எண்ணும்போது விட்டதை இந்தச் சோதனை பிடித்துக் கொடுக்கும். படத்தையே தவறாக வாசித்தால் அதற்குத் தெரியாது. பக்கத்தின் ஓரத்தில் நிழல் விழுந்து ஒரு கோடு மறைந்து போனாலும் இதே கதைதான்.

பாதைக் கணக்கு அப்படி விடாது. ப-வுக்குள் நுழைய ட, த என்று இரண்டே வாசல். க-விலிருந்து ட-வுக்கு நேராகப் போகலாம். ச வழியாக, த வழியாக, ச-வும் த-வும் தொட்டு, த-வும் ச-வும் தொட்டுப் போகலாம். ஆக 5. த வாசலுக்கும் இதே போல 5. நடுவில் ஒரு சந்திப்பு முளைத்துவிட்டால், ச-விலிருந்து புறப்பட்டவர் பாதியில் ட பக்கம் திரும்ப முடிகிறது. அப்படித்தான் 10 என்பது 17 ஆகிவிட்டது.

"ச-விலிருந்து த-வுக்குப் போற கோட்டை மட்டும் அழிச்சிட்டு, வீட்டுக்கு வெளியே வளைச்சுப் போடும்மா" என்றேன். எந்த முனை எதோடு சேர்கிறது என்பதுதான் கணக்கு. கோடு நேரா வளைவா என்பது இல்லை. அரைமணி கழித்து அடுத்த படம் வந்தது. ச-விலிருந்து கிளம்பிய கோடு கூரைக்கு மேலே சுற்றிக்கொண்டு த-வில் இறங்கியிருந்தது. சதுரத்துக்குள் எதுவும் எதையும் வெட்டவில்லை. பக்கத்தில், 5 + 5.