அம்மாவுக்கும் ஒரு மருந்துச் சீட்டு

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓராண்டுக்குள் மூன்றாம் முறையாக நிமோனியாவுடன் எங்கள் பிரிவில் அனுமதிக்கப்பட்டான். அவனுக்கு மூளை முடக்குவாதம். நான்கு கைகால்களும் விறைப்பாக இருக்கும், கழுத்து நிற்காது, வலிப்புக்கு மாத்திரை உண்டு. முதல் இரண்டு முறையும் நுரையீரல் தொற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவைத்தோம். மூன்றாம் முறை பணியிலிருந்த செவிலியர் ஒருவர், தாய் அவனுக்கு உணவூட்டுவதைப் பார்த்துவிட்டு எங்களை அழைத்தார். பையன் ஏறக்குறைய படுத்த நிலையில் இருந்தான். ஒரு வாயை விழுங்கி முடிக்குமுன்னே அடுத்த கரண்டி வந்துவிட்டது. தாயின் கண்கள் பாதி மூடியிருந்தன.

அக்குடும்பம் ராஜபாளையத்தை அடுத்த ஊரில் வசிக்கிறது. குடும்பத்தை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை மாற்றியும், இதே நிலையிலுள்ள வேறு குடும்பங்களின் அனுபவத்தைச் சேர்த்தும் எழுதுகிறோம். தந்தைக்குச் சத்திரப்பட்டியில் விசைத்தறி வேலை; பேண்டேஜ் துணி நெய்யும் தறி. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். வீட்டில் மாமியாரும், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளும் இருக்கிறார்கள். தந்தையின் தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்கிறார்.

தாயிடம் ஒரு நாளின் கணக்கைக் கேட்டோம். நான்கு வேளை உணவு, வேளைக்கு ஐம்பது நிமிடம். அதுவே மூன்று மணி இருபது நிமிடம் ஆகிறது. பத்தொன்பது கிலோ எடையுள்ள பிள்ளையைக் குளியலறைக்கும், கட்டிலுக்கும், நாற்காலிக்கும் ஒரு நாளில் பதினைந்து முறையாவது தூக்குகிறார். இரவு பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுகிறார்; இடையில் பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைக்க இரு முறையேனும் விழிக்க வேண்டும். கடைசியாக முழு இரவு உறங்கியது எப்போது என்றதற்கு, “ஞாபகம் இல்லை சார்” என்றார். இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்திருந்தார்.

உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதே இத்தகைய பிள்ளைகளுக்கு நிமோனியா திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரிய காரணம். நிமிர்ந்து உட்காரவைத்து, தலை சற்று முன்னே சாய்ந்திருக்கும்படி தாங்கி, சிறு சிறு கரண்டியாகக் கொடுத்து, ஒவ்வொரு வாயும் உள்ளே போய்விட்டதா எனப் பார்த்துப் பார்த்து ஊட்ட வேண்டும். உண்டபின் அரைமணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. அந்தத் தாய்க்கு இவையெல்லாம் தெரியும். முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்திருந்தோம். துண்டு துண்டான தூக்கத்தோடு வாழும் ஒருவரால் ஐம்பது நிமிடத்தை ஐம்பது நிமிடமாகவே செய்ய முடியாமற்போனதை நாங்கள்தாம் கவனிக்கவில்லை. பிள்ளையின் நெஞ்சுப் படத்தை மூன்று முறை எடுத்துப் பார்த்த நாங்கள், தாயை ஒரு முறையும் விசாரிக்கவில்லை.

கதவை மூடிக்கொண்டு தனியே பேசியபோது இரண்டு செய்திகளைச் சொன்னார். ஒருநாள் பையன் விடாது அழுதபோது அவன் தொடையில் அறைந்துவிட்டு, மாடிக்குப் போய் நின்றிருக்கிறார். இன்னொரு நாள், அவன் காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தபோது, ‘எனக்கு முன்னாலேயே போய்விட்டால் நல்லது’ என்று நினைத்திருக்கிறார். “நானெல்லாம் ஒரு தாயா?” என்று கேட்டார்.

இந்த இரண்டாம் எண்ணத்தை எத்தனையோ பெற்றோர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ‘எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்’ என்ற அச்சத்தின் மறுபக்கமே அது. அதைச் சொல்லிவிடுவது நல்லது. மருத்துவர் அதிர்ச்சியடைய மாட்டார். ஆனால் அடிப்பது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தாலோ, பிள்ளையோடு தாமும் சேர்ந்து போய்விடலாம் என்ற நினைப்பு வந்தாலோ, அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரவாயிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. இரண்டு வாரமாக எதிலும் நாட்டமின்மை, பிள்ளை உறங்கும்போதும் தமக்கு உறக்கம் வராமை, காரணமின்றி அழுகை ஆகியவை இருந்தால் அது வெறும் களைப்பன்று. மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. இந்தத் தாய்க்குக் களைப்பே முதன்மையாக இருந்தது. தூங்க இடம் கிடைத்தால் தூங்கிவிடுவார். அதை அறிந்தபின்தான் அடுத்த வேலையைத் தொடங்கினோம்.

‘கொஞ்சம் ஓய்வெடுங்கள்’ என்று சொல்லி அனுப்புவது எங்களுக்கு எளிது. வீட்டிற்குப் போனதும் அச்சொல்லுக்குப் பயனில்லை. எனவே பிள்ளையின் மருந்துச் சீட்டிலேயே கீழே எழுதினோம்: ‘தாய்க்கு ஓய்வு, வாரம் இரு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம். பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.’ முத்திரையும் இட்டோம். சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் “பெற்றவள் இருக்கும்போது அடுத்தவர் எதற்கு?” என்று கேட்ட மாமியாரிடம் அந்தச் சீட்டுத்தான் பேசியது. மருமகளின் விருப்பமாக இருந்தால் மறுக்கலாம். டாக்டர் எழுதியதை மறுப்பது கடினம். தாய்க்கும் தம் குற்ற உணர்வை எங்கள் தலையில் ஏற்றிவிட ஒரு வழி கிடைத்தது.

பார்த்துக்கொள்ள முன்வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை. பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவதைக் கைமாற்று என்று சொல்லிவிட முடியாது. நான்கு வாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். முதல் வாரம் தாய் ஊட்டினார், அத்தை பார்த்தார். இரண்டாம் வாரம் அத்தை ஊட்டினார், தாய் பக்கத்தில் இருந்தார். மூன்றாம் வாரம் தாய் அடுத்த அறையில் இருந்தார். குறுக்கே வராமலிருப்பது அவருக்கு மிகக் கடினமாக இருந்ததாம். நான்காம் வாரம் ஒரு மணி நேரம் தெருமுனை வரை போய் வந்தார்.

இதற்கிடையே ஒரு தாளை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். எழுதியது மகள், பெரிய எழுத்தில், ஒரே பக்கம். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு. குழையக் குழைய வடித்த சோறு எவ்வளவு நெகிழ்வாக இருக்க வேண்டும். எந்த அழுகை பசி, எந்த அழுகை கால் இழுப்பு, எந்த அழுகை வெறும் ஏக்கம். உண்ணும்போது இருமினாலோ, உண்டபின் குரல் ஈரமாகக் கொரகொரத்தாலோ நிறுத்திவிட வேண்டும். வலிப்பு வந்தால் ஒருபுறமாகப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது ஒன்று நின்று உணர்வு திரும்புமுன் மற்றொன்று தொடங்கினால், 108. தாய்க்கு அழைப்பது அதற்குப் பின்னர்தான். இந்தக் கடைசி வரியைத் தாயே வலியுறுத்திச் சேர்த்தார். தம்மை முதலில் அழைத்தால் தாம் பதறி நேரத்தை வீணாக்கிவிடுவோம் என்றார்.

ஐந்தாம் வாரம் முதல் முழு இரண்டு மணி நேரம். தாய் போனது ரேஷன் கடைக்கு. அதை நாங்கள் ஏற்கவில்லை. வீட்டு வேலையை வெளியே கொண்டுபோய்ச் செய்வதை ஓய்வுக் கணக்கில் சேர்க்க முடியாது. அடுத்த முறை தம் தாய் வீட்டிற்குப் போய், பாயை விரித்து, இரண்டு மணி நேரமும் உறங்கிவிட்டு வந்தார்.

ஆறாம் வாரம் தவறு நேர்ந்தது. அத்தை ஊட்டியபின் பையன் வாந்தியெடுத்துவிட்டான். தாய் அரை வழியில் திரும்பி ஓடிவந்து, “இனி நான் எங்கும் போகமாட்டேன்” என்று முடிவே செய்துவிட்டார். இந்த இடத்தில்தான் பல குடும்பங்களில் முயற்சி நின்றுபோகிறது. நடந்ததை அவர்களோடு வரிசையாகக் கேட்டுப் பார்த்தோம். பையன் நன்றாகச் சாப்பிடுகிறானே என்று அத்தை வழக்கத்தை விட அரைப் பங்கு கூடுதலாகக் கொடுத்திருந்தார். பிறகு தோளில் போட்டுத் தூங்கவைக்க முயன்றிருந்தார். அன்பினால் வந்த பிழை. தாளில் அளவு எழுதப்படவில்லை, ஆகவே பிழை தாளுடையதும்கூட. அளவுக்கிண்ணம் ஒன்றைக் குறித்துவைத்தார்கள். ஓய்வு நேரத்தையும் உணவு வேளைக்கு ஒரு மணி கழித்துத் தொடங்குமாறு மாற்றினோம். அதன்பின் தாய் மீண்டும் போனார்.

தந்தையின் பங்கை நாங்கள் தாமதமாகவே கேட்டோம். அதுவும் எங்கள் குறை. பகல் ஷிப்ட் வாரங்களில் வெள்ளி, சனி இரவு பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைப்பது அவர் பொறுப்பாயிற்று. தாய் மாமியாரின் அறையில் படுத்தார். முதல் இரவு அவருக்கு உறக்கமே வரவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாராம். மூன்றாம் வாரம் உறங்கினார்.

மகளை இந்த முறைவரிசையில் சேர்க்க வேண்டாம் என்றோம். தாள் எழுதித் தரட்டும், தம்பியோடு விளையாடட்டும். பொறுப்பாளராக ஆக்கினால் பள்ளிக்கூடம் தான் முதலில் விட்டுப்போகும். பன்னிரண்டு வயதுப் பெண் சமாளிப்பாள் என்பது உண்மையே. அவள் சமாளிப்பாள் என்பதனாலேயே அவளிடம் அது நிலைத்துவிடும்.

உறவினர் எவரும் இல்லாத வீடுகளும் உண்டு. அவர்கள் விருதுநகரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் உரியது. அதன்கீழ்ப் பகல்நேரப் பராமரிப்புக்கும், குடும்பத்தாருக்கு இடைவேளை தரும் தங்கும் பராமரிப்புக்கும் திட்டங்கள் உள்ளன. ஆனால் அத்தகைய மையம் எல்லா ஊரிலும் இல்லை. பள்ளி செல்ல இயலாத பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தின் மூலம் வீட்டிற்கே வரும் சிறப்பாசிரியரையும் இயன்முறைப் பயிற்சியாளரையும் கேட்டுப் பெறலாம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கமும் ராஜபாளையத்துக்காரர்களுக்கு எட்டாத தொலைவில் இல்லை. பயிற்சிக்கு வரும் இரு தாய்மார் மாறி மாறி ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்ப்பதும் நடக்கிறது. வலிப்பு கட்டுக்குள் இல்லாத பிள்ளைக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

சிறுவனுக்கு அதன்பின் சளி பிடித்தது, நிமோனியா வரவில்லை. எட்டு மாதமே ஆகியிருப்பதால் இதைச் சாதனை என்று சொல்ல மாட்டோம். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று தாய் மகளை மட்டும் அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தார். மகளோடு தனியாக வெளியே போனது அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகு அதுவே முதல் முறை. மறுவாரம் மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க வந்தபோது, கீழே எழுதியிருந்த அந்த இரு வரிகளையும் மறக்காமல் மீண்டும் எழுதித் தரச் சொன்னார்.