செக்யூரிட்டி ஏஜென்சியை அனுப்பும் மாதம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கமிட்டிக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக அடிபடும் பேச்சு, வாட்ச்மேன் தூங்குவதுதான். இரண்டு மூன்று மாதம் புகார் போகும். ஏஜென்சியின் சூப்பர்வைசர் வந்து, "ஆளை மாத்தி விட்டுடறேன் சார்" என்பார். மாற்றியும் விடுவார். புதிதாக வந்தவரும் இரவு 2 மணிக்கு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். பிறகு ஒருநாள் யாருடைய பைக்கோ காணாமல் போகும். அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில், "நாளையிலிருந்து அவங்க வர வேண்டாம்" என்று தீர்ப்பாகிவிடும். கமிட்டி அதிகம் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான்.

அந்தக் கோபத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒன்று, ஒப்பந்தத்தை முடிப்பது. மற்றொன்று, நடந்த குறைகளுக்காகப் பணத்தைப் பிடிப்பது. முதலாவதற்குப் பெரும்பாலும் காரணமே சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தரப்பும் 30 அல்லது 60 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்ற ஷரத்து பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். இரண்டாவதற்குத்தான் தேதியும் நேரமும் போட்ட ஆதாரம் வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சென்னைப் புறநகரில் நடுத்தர அளவிலான ஒரு குடியிருப்பு. மெயின் கேட், பின் கேட், பேஸ்மென்ட் என மூன்று இடங்களில் காவல். 12 மணி நேர ஷிப்ட் என்பதால் ஒரு நாளைக்கு 6 ட்யூட்டி, 30 நாள் மாதத்துக்கு 180. தலைக்கு மாதம் 21,000 ரூபாய் பேசியிருந்தால், ஒரு ட்யூட்டிக்கு 700 ரூபாய். மாத பில் 1,26,000. 18 சதவீத ஜிஎஸ்டி 22,680 சேர்ந்தால் 1,48,680 ரூபாய். பில்லில் 180 ட்யூட்டியும் முழுசாக இருக்கும். கேட்டில் இருக்கும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டினால் கதை வேறு: பின் கேட்டில் 9 இரவுகள் கையெழுத்தே இல்லை. வேறு 15 இரவுகளில், பகல் ஷிப்டில் கையெழுத்துப் போட்டவரே இரவுக்கும் போட்டிருக்கிறார்.

இந்த 24 எங்கிருந்து வந்தது? காவலாளிக்கு வார விடுமுறை உண்டு. மாதத்துக்கு ஏறக்குறைய 26 நாள்தான் வருவார். ஆறு பேர் சேர்ந்து பார்க்கக்கூடியது 156 ட்யூட்டி. மீதி 24க்கு ஏழாவதாக ஒரு ரிலீவர் வேண்டும். கொட்டேஷனைக் குறைத்துக் காட்ட ஏஜென்சி முதலில் வெட்டுவது அந்த ரிலீவரைத்தான். அப்புறம் இருக்கிற ஆளையே டபுள் ட்யூட்டிக்கு நிறுத்தும், அதுவும் முடியாத இரவில் இடத்தைக் காலியாக விடும். 24 மணி நேரம் தொடர்ந்து நிற்கும் மனிதர் தூங்காமல் என்ன செய்வார்? ஆளை மாற்றிப் பயனில்லாமல் போவதற்குக் காரணம் இதுதான். குறைந்த கொட்டேஷனைத் தேர்ந்தெடுத்த கமிட்டிக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு.

பணம் பிடிப்பதிலும் நிதானம் வேண்டும். கையெழுத்தில்லாத 9 ட்யூட்டிக்கு 6,300 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டி 1,134 ரூபாயும் தர வேண்டியதில்லை. வராத வேலைக்குக் கூலி இல்லை. டபுள் ட்யூட்டி அப்படியல்ல. ஆள் இருந்தார் என்று ஏஜென்சி வாதிடும். ஒப்பந்தத்தில் அதற்குத் தடையோ அபராதமோ எழுதியிருந்தால்தான் பேச முடியும். அபராதம் எழுதியிருந்தாலும், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. ஆகவே, ஒவ்வொரு குறையையும் அன்றன்றே இமெயிலில் தெரிவித்து, இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடம் என்று எழுதி வைப்பது நல்லது. சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து மேலெழுதப்பட்டுவிடும் என்பதால் அந்தத் துண்டை உடனே பிரதி எடுத்துவிட வேண்டும். திருட்டு என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாமல் ஏஜென்சியிடம் பைக்குக்குப் பணம் கேட்டால் சிரிப்பார்கள்.

நோட்டீஸ் சுருக்கமாக இருப்பதே நல்லது. எந்த ஷரத்தின் கீழ் ஒப்பந்தம் முடிகிறது, கடைசி ட்யூட்டி எந்தத் தேதியில் எந்த ஷிப்ட், கணக்கு முடிக்க என்னென்ன காகிதங்கள் வேண்டும் ஆகிய மூன்றும் போதும். குற்றப்பத்திரிகை வாசித்தால் பதிலுக்கு வக்கீல் நோட்டீஸ்தான் வரும். கமிட்டித் தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிய பிறகு செக்ரட்டரி கையெழுத்திட்டு, ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டிலும் இமெயிலிலும் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து கெடு தொடங்குகிறது என்று ஒப்பந்தம் சொன்னால், தபாலில் போகும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவது உத்தமம்.

பெரும்பாலான கமிட்டிகள் சறுக்குவது கடைசி பில்லில். போனால் போகட்டும் என்று கடைசி நாளே செக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு மாதத்துக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையைக் கட்ட அடுத்த மாதம் 15ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. ஏஜென்சி மாதக் கடைசியில் வெளியேறினால், அந்த மாதச் சலான் வருவதற்குள் இரண்டு வாரம் ஓடியிருக்கும். ஒப்பந்ததாரர் ஊதியம் தராமல் போனால் வேலை வாங்கிய இடத்தின் தலையில் பொறுப்பு விழும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. எனவே சலானை மட்டும் பார்த்தால் போதாது. அதோடு வரும் ஈ.சி.ஆர். பட்டியலில், கேட்டில் நின்ற ஆறு பேரின் பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு யாருக்கோ கட்டிய சலானை நீட்டுவதும் உண்டு. காவலாளிகளுக்குக் கடைசி மாதச் சம்பளம் வந்து சேர்ந்ததா என்று அவர்களிடமே கேட்டுவிடலாம். அதைவிட நம்பகமான சான்று கிடையாது.

பழைய காவலாளிகளில் நல்லவர் ஒருவர் இருந்தால், புது ஏஜென்சி வழியாக அவரை வைத்துக்கொள்ளக் குடியிருப்போர் விரும்புவார்கள். 'எங்கள் ஆளை ஓராண்டுக்கு எடுக்கக் கூடாது, எடுத்தால் ஒரு மாதக் கட்டணம்' என்று பழைய ஒப்பந்தத்தில் இருந்தால், கையெழுத்திட்ட அசோசியேஷனிடம் ஏஜென்சி அதைக் கேட்கவே செய்யும். அது பற்றிப் பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகு அந்தக் காவலாளியை அழைப்பதே மேல். அவர் கையில் அனுபவச் சான்றும் யு.ஏ.என். எண்ணும் இருந்தால் பி.எஃப். கணக்கும் தொடரும்.

வருகிற ஏஜென்சியிடம் 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியான உரிமம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ரிலீவர் கட்டணம் கொட்டேஷனில் தனி வரியாக இருக்கிறதா என்பது இரண்டாவது. சுத்தம் செய்யும் ஏஜென்சிக்கு அந்த உரிமம் தேவையில்லை. ரிலீவர் கணக்கு அங்கேயும் பொருந்தும்.

கைமாற்றும் நாளில் பகல் ஷிப்ட் பழைய ஆட்கள், மாலையில் புதியவர்கள் என்று வைத்தால், இருட்டுவதற்குள் சாவிக் கொத்து, விசிட்டர் ரிஜிஸ்டர், பீட் புக் எல்லாவற்றையும் எண்ணி இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கிவிடலாம். சிசிடிவி பாஸ்வேர்டை அன்று இரவே மாற்ற வேண்டும். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் பழைய ஏஜென்சி தன்னுடையது என்று எடுத்துப் போகப் பார்க்கும். அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்திருந்தால் அந்த 9 இரவுகளின் கணக்கு கமிட்டியிடமே இருக்கும். மீதித் தொகையைச் சலான் வந்த பிறகு கொடுத்து, இனி பாக்கி எதுவும் இல்லை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொண்டால் கணக்கு முடிந்தது.