டொலர் ஏறினால் விலை எவ்வளவு ஏற வேண்டும்?

2022 மார்ச் 7ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி ரூபாயின் மீது வைத்திருந்த பிடியைத் தளர்த்தியது. அதுவரை பல மாதங்களாக ஒரு டொலர் 200 ரூபாயை ஒட்டியே நின்றது. அந்த மாத முடிவில் 300ஐ நெருங்கி, மே மாதத்தில் 360 அளவுக்குப் போய்விட்டது. வெளிநாட்டுப் பொருளை வரவழைத்து இணையத்தில் விற்கும் சிறு கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்கு அறிவித்தல் எழுத வேண்டிய நிலைக்கு வந்தார்கள். டொலர் ஏறியதால் விலையும் ஏறிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியில் வாங்குபவர் சரிபார்க்கக்கூடியது எதுவுமே இல்லை.

சரிபார்ப்பது பெரிய வித்தையல்ல. ஓவியப் பொருட்கள் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு நீர்வர்ணப் பெட்டி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துசேர, கப்பல் கூலியோடு 10 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது அது 2,000 ரூபாய். சுங்கத்தில் கட்டும் தீர்வையும் வரிகளும் 30 சதவீதம் என்று வைத்தால் 600. கடைச் சம்பளம், பொதி கட்டுவது, மின்சாரம் எல்லாம் சேர்ந்து 900. இலாபம் 500. ஆக, விற்பனை விலை 4,000 ரூபாய்.

டொலர் 360 ஆகும்போது பெட்டியின் அடக்கம் 3,600 ஆகிறது. சுங்க வரி பொருளின் ரூபாய்ப் பெறுமதி மீது கணக்கிடப்படுவதால் அதுவும் கூடவே ஏறி 1,080 ஆகிறது. மற்ற இரண்டும் டொலரோடு நேரடியாக நகர்வதில்லை. அவற்றை அப்படியே வைத்தால் புதிய விலை 6,080. டொலர் 80 சதவீதம் ஏறியது; பெட்டியின் விலை ஏற வேண்டியது 52 சதவீதம். விலையையும் 80 சதவீதம் கூட்டி 7,200 என்று போட்டால், இடையிலுள்ள 1,120 ரூபாய்க்கு டொலர் காரணம் இல்லை. எரிபொருள் விலையோ கூலியோ ஏறியிருந்தால் அதையும் சேர்ப்பது நியாயந்தான். ஆனால் அதை அதன் பெயரிலேயே சொல்ல வேண்டும்.

சதவீதத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. டொலர் 80 சதவீதம் ஏறியது என்பதும், ரூபாய் ஏறக்குறைய 44 சதவீதம் சரிந்தது என்பதும் ஒரே நிகழ்வுதான். ஓர் அறிவித்தலில் ஒன்றும் செய்தியில் மற்றதும் வந்தால் கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று தோன்றும். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, எந்த வீதத்தில் கணக்கிட்டோம் என்று ரூபாயில் எழுதுவதே நல்லது.

வாடிக்கையாளர் அதிகம் கோபப்படும் கேள்வி இதுதான்: பழைய விலைக்கு வாங்கி அலுமாரியில் வைத்திருக்கும் சரக்குக்கு ஏன் புது விலை? பத்துப் பெட்டிகளைப் பழைய 4,000 ரூபாய்க்கே விற்றுவிட்டார் என்று வைப்போம். செலவு போக, இலாபத்தையும் சேர்த்து அவர் கையில் நிற்பது 31,000 ரூபாய். டொலர் 360இல் ஒரு பெட்டியை வரியோடு இறக்க 4,680 வேண்டும். அந்தப் பணத்துக்கு ஆறு பெட்டிகள்தான் வரும். இலாபம் பார்த்ததாகக் கணக்குப் புத்தகம் சொல்லும். அலுமாரியில் நான்கு பெட்டி குறைந்திருக்கும். இப்படி மூன்று தடவை நடந்தால் சிறு முதலில் ஓடும் கடை நின்றுவிடும். ஆகவே இருப்பிலுள்ள சரக்கின் விலையை உயர்த்துவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முழுப் பணமும் கட்டி, பொதி வரட்டும் என்று காத்திருப்பவரிடம் மேலதிகமாகக் கேட்பது வேறு விடயம். அங்கே பேரம் முடிந்துவிட்டது. வீத மாற்றத்தின் நட்டம் கடைக்காரருடையது.

இவற்றையெல்லாம் சொல்ல நீண்ட கடிதம் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"இதுவரை எமது விலைகள் ஒரு டொலர் 200 ரூபாய் என்ற கணக்கில் இருந்தன. வரும் திங்கள் முதல் 360 ரூபாய் என்ற கணக்கில் இருக்கும். 4,000 ரூபாயாக இருந்த நீர்வர்ணப் பெட்டி இனி 6,080 ரூபாய். எமது இலாபத் தொகையைக் கூட்டவில்லை. ஞாயிறு இரவு வரை பணம் செலுத்திய கட்டளைகளுக்குப் பழைய விலையே. வங்கி எமக்கு டொலர் விற்கும் வீதம் 20 ரூபாய்க்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ விலையை மீண்டும் மாற்றுவோம்."

இதில் வங்கி விற்கும் வீதம் என்ற சொற்கள் முக்கியம். மத்திய வங்கி வெளியிடும் நடுவீதத்தில் எந்தக் கடைக்காரருக்கும் டொலர் கிடைப்பதில்லை. வங்கி விற்கும் வீதம் அதைவிடச் சற்று அதிகம். 2022 தொடக்கத்தில் வங்கிகளில் டொலரே தட்டுப்பாடாக இருந்ததால், பெயரளவு வீதத்துக்கும் கைக்கு வந்த வீதத்துக்கும் இடைவெளி பெரிதாக இருந்தது. கடனுக்குச் சரக்கு எடுப்பவருக்கோ கட்டளை கொடுத்த நாளின் வீதம் பொருட்டல்ல. பணம் அனுப்பும் நாளின் வீதமே அடக்கத்தைத் தீர்மானிக்கும்.

குறைந்தாலோ என்ற சொல்லும் வெறும் உபசாரம் அல்ல. 2023 மார்ச்சில் ரூபாய் வலுக்கத் தொடங்கியது; 2024 இறுதியில் ஒரு டொலர் 300க்குச் சற்றுக் கீழே வந்தது. 300 என்று வைத்தால் அதே பெட்டி 5,300 ரூபாய்க்கு இறங்க வேண்டும். 360இல் இறக்கிய சரக்கு தீரும்வரை கடைக்காரர் தயங்குவார். ஆனால் ஏறும்போது புதுச் சரக்கின் அடக்கத்தைக் காட்டி விலை கூட்டியவர், இறங்கும்போது பழைய சரக்கின் அடக்கத்தைக் காட்ட முடியாது. அவர் நியாயமாகக் காட்டக்கூடிய வேறு காரணம் இருந்தது: 2022 மே வரை 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகியது. அது சுங்கத்திலேயே கட்ட வேண்டிய பணம் என்பதால் பெட்டியின் விலை 5,300க்குச் சற்று மேலேதான் நிற்கும். அந்த வித்தியாசத்துக்கு வரிதான் காரணம் என்று அறிவித்தலில் தனி வரியாக எழுதிவிடலாம்.