மலிவு ஆய்வகம் எப்போது அச்சுறுத்தல்?

குறைந்த விலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வந்துவிட்டாலே பழைய நிலையத்துக்கு ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. ஹார்வர்ட் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் வகுத்த சீர்குலைக்கும் புதுமைக் கோட்பாட்டை வைத்து மூன்று கேள்விகள் கேட்கலாம். எளிய சேவையே போதும் என்றிருக்கும் வாடிக்கையாளர்கள் உண்டா? குறைந்த விலையிலும் லாபம் தரும் செலவு முறை புதியவரிடம் உள்ளதா? அவர் அங்கிருந்து மேல்நிலைச் சேவைகளுக்கு ஏற முடியுமா?

கோவை மாவட்டக்காரரான வேலுமணி 1996-இல் மும்பையில் தொடங்கிய தைரோகேர் நல்ல எடுத்துக்காட்டு. பல ஊர்களின் மாதிரிகளை விமானத்தில் வரவழைத்து, ஒரே மையத்தில் தானியங்கி இயந்திரங்களில் அது சோதித்தது. இயந்திரம் சும்மா நிற்காததால் ஒரு சோதனைக்கான செலவு சரிந்தது. தைராய்டு முடிவுக்கு ஒரு நாள் காத்திருப்பது பெரும்பாலான நோயாளிகளுக்குச் சுமையில்லை. ஆகவே முதலிரு கேள்விகளுக்கும் விடை 'ஆம்'. பிறகு உடல் பரிசோதனைத் தொகுப்புகளுக்கும் அது விரிந்தது.

மூன்றாவது கேள்வியில்தான் எல்லை தெரிகிறது. சீரம் பிரிக்காத ரத்தம் நெடுநேரம் கிடந்தால் செல்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து, அளவு பொய்யாக உயரும். ரத்த வாயுச் சோதனையை எடுத்தவுடன் செய்தாக வேண்டும். எனவே வழக்கமான சோதனைகளை நம்பியிருக்கும் நிலையத்துக்கு அச்சுறுத்தல் பெரிது; அவசரச் சோதனை செய்யும் மருத்துவமனை ஆய்வகத்துக்குச் சிறிது. செலவைக் குறைக்காமல் விலையை மட்டும் குறைப்பவரோ நெடுநாள் தாக்குப்பிடிப்பது அரிது.