மூன்று தொகுதிகளும் ஒரு வால் பகுதியும்

ஹைட்ரோலிக் கோளாறு காரணமாக பயணிகள் விமானமொன்று அவசரமாகத் தரையிறக்கப்பட்டது என்ற செய்தி வெளியாகும்போதெல்லாம், விமானம் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்றே பலரும் எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவல்ல. ஒரு தொகுதி பழுதடைந்தாலும் விமானம் பறக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு, மூன்று, சில விமானங்களில் நான்கு தொகுதிகள் பொருத்தப்படுகின்றன. ஆயினும், எண்ணிக்கை மட்டும் பாதுகாப்பைத் தந்துவிடாது என்பதனையும் வரலாறு கற்றுத் தந்துள்ளது.

மணிக்குப் பல நூறு கிலோமீற்றர் வேகத்தில் பாயும் காற்றை எதிர்த்து, இறக்கையிலும் வாலிலும் உள்ள தகடுகளை அசைப்பதற்கு விமானியின் கைப்பலம் போதாது. எனவே இயந்திரங்களால் இயக்கப்படும் பம்பிகள் விசேட திரவமொன்றை, வளிமண்டல அமுக்கத்தைப் போன்று சுமார் 200 மடங்கு அமுக்கத்தில் குழாய்களுக்குள் செலுத்துகின்றன. விமானியின் கட்டளைக்கேற்ப அந்த அமுக்கமே தகடுகளை அசைக்கின்றது. சில்லுகளை இறக்குவதும் பிரேக்கை அழுத்துவதும் அதுவே.

இன்று பரவலாகப் பயன்படும் ஏ-320 ரக விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பச்சை, நீலம், மஞ்சள் எனப் பெயரிடப்பட்ட மூன்று தொகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான திரவத் தாங்கியும் குழாய்களும் உள்ளன. பச்சைத் தொகுதியின் திரவம் கசிந்து தீர்ந்துவிட்டதாகக் கொள்வோம். விமானி அறையில் எச்சரிக்கை ஒலிக்கும். தாங்கியின் மட்டம் குறைந்திருப்பது திரையில் தெரியும். எனினும் விமானம் தொடர்ந்து கட்டுப்பாட்டிலேயே இருக்கும். ஏனெனில் விமானத்தைத் திருப்பும், ஏற்றி இறக்கும் பிரதான தகடுகள் ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு தொகுதிகள் இயக்குகின்றன. சில்லுகள் தம் பாரத்தினாலேயே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஆனால் அவற்றை மீண்டும் உள்ளிழுக்க முடியாது. வழமையான பிரேக்குக்குப் பதிலாக மஞ்சள் தொகுதியின் மாற்று பிரேக் செயற்படும். வேகத்தைக் குறைக்கும் சில தகடுகள் இயங்காததால் கூடிய நீளமான ஓடுபாதை தேவைப்படும். தீயணைப்பு வாகனங்கள் காத்திருப்பதற்குக் காரணம் இந்த முன்னெச்சரிக்கையே.

இங்கு கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. பச்சைத் தொகுதியின் பம்பி மாத்திரம் செயலிழந்தால், மஞ்சள் தொகுதி தன் விசையை அதற்கு வழங்க முடியும். ஆனால் விசை மட்டுமே கைமாறும். ஒரு துளி திரவமேனும் கைமாறாது. திரவம் கலக்குமாயின், ஒன்றின் கசிவு மற்றையதையும் வற்றச் செய்துவிடும்.

இவ்வாறு பிரித்து வைப்பதன் பெறுமதியை 1989 ஜூலை 19ஆம் திகதி அமெரிக்காவில் நிகழ்ந்த விபத்து உணர்த்தியது. டென்வரிலிருந்து சிக்காகோ நோக்கிப் பறந்த யுனைட்டட் நிறுவனத்தின் டி.சி-10 விமானத்தில் 296 பேர் இருந்தனர். வாலில் பொருத்தப்பட்டிருந்த இயந்திரத்தின் டைட்டேனியம் தட்டு, உலோகத்தில் உற்பத்தியின்போதே இருந்த குறைபாட்டிலிருந்து வளர்ந்த வெடிப்பினால் சிதறியது. அந்த இயந்திரத்துடன் இணைந்திருந்த இரண்டாம் தொகுதி உடனேயே சேதமுற்றது. பறந்த துண்டுகள் வாலின் கிடைச்சிறகினூடாகச் சென்ற முதலாம், மூன்றாம் தொகுதிகளின் குழாய்களையும் அறுத்தன. மூன்று தொகுதிகளின் திரவமும் வெளியேறியது. மூன்றும் தனித்தனியானவையே, ஆனால் மூன்றுமே ஒரே வால் பகுதியில் ஒரே வெடிப்பின் எல்லைக்குள் வந்து சேர்ந்திருந்தன.

இவ்வாறான நிலைக்கு விமானிகளின் கைநூலில் எந்த வழிமுறையும் இருக்கவில்லை. கப்டன் அல் ஹெய்ன்சும் குழுவினரும் எஞ்சிய இரு இயந்திரங்களின் வலுவை மாறி மாறிக் கூட்டிக் குறைத்து, அதன் மூலமே விமானத்தைத் திருப்பினர். பயணியாக வந்திருந்த பயிற்றுநர் விமானியான டென்னி ஃபிட்ச் அப்பணியில் கைகொடுத்தார். சுமார் 44 நிமிடங்களின் பின்னர் அயோவா மாநிலத்தின் சூ சிற்றி விமான நிலையத்தில் விமானம் தரையில் மோதிச் சிதறியது. 112 பேர் உயிரிழந்தனர். 184 பேர் உயிர் தப்பினர்.

இதன் பின்னர், டி.சி-10 விமானங்களின் மூன்றாம் தொகுதியில், திரவம் குறைந்ததும் வால் பகுதிக்கான குழாயைத் தானாக மூடிவிடும் வால்வு சேர்க்கப்பட்டது. வால் குழாய்கள் அறுந்தாலும் முன்பகுதியில் திரவம் எஞ்சியிருக்கும் என்பதே இதன் பயன். 2007இல் சேவைக்கு வந்த ஏ-380 விமானம் மேலும் ஒரு படி சென்றது. அதில் ஹைட்ரோலிக் தொகுதிகள் இரண்டே. மாற்று வழிகளோ மின்சாரத்தால் இயங்குகின்றன. தகட்டின் அருகிலேயே சிறிதளவு திரவத்தை வைத்துக்கொண்டு அவை செயற்படுகின்றன. எங்கோ ஒரு குழாய் அறுந்தாலும் அந்தத் திரவம் வற்றாது.

ஆகவே, விமானத்தில் எத்தனை தொகுதிகள் உள்ளன என்பதுடன் கேள்வி முடிந்துவிடுவதில்லை. அவை அனைத்தையும் ஒரே அடியில் வீழ்த்தக்கூடிய இடம் அதில் எங்காவது உண்டா என்பதே பொறியியலாளர்கள் அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வி. சூ சிற்றியில் 112 உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் அதுவே.