புளித்த மாவா, கெட்டுப்போன மாவா?

சித்திரை, வைகாசி மாதங்களில் குடுமியான்மலைப் பகுதி வீடுகளின் அடுப்பங்கரையில் நள்ளிரவில்கூட வெப்பம் 30 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும் இட்லி மாவு, அக்காலத்தில் ஆறு, ஏழு மணி நேரத்திலேயே பொங்கிவிடுகிறது. மாலை ஆறு மணிக்கு ஆட்டி வைத்த மாவு நள்ளிரவுக்குள் பொங்கி, விடியும்போது அமுங்கி, பாத்திரத்தைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் வாடையுடன் இருக்கும். அம்மாவை நோயாளிக்குக் கொடுக்கலாமா என்பது பலரும் கேட்கும் கேள்வி.

அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்களே மாவைப் புளிக்கவைக்கின்றன. அவற்றுள் முதன்மையானது லியூகோனாஸ்டாக் என்னும் பாக்டீரியா. அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, வாயுவையும் அமிலங்களையும் வெளியிடுகிறது. வாயுவால் மாவு பொங்குகிறது, அமிலத்தால் புளிக்கிறது. அவ்வமிலங்களில் காடியில் உள்ள அசெட்டிக் அமிலமும் சிறிதளவு உண்டு. நேரம் மிஞ்சினால் வரும் காரமான வாடைக்கு அதுவும், ஈஸ்ட் பெருகுவதால் உண்டாகும் கள் போன்ற மணமும் காரணம். மாவின் மேல் தெளிந்த நீர் பிரிந்து நிற்பதும் இதன் பகுதியே. இவை மட்டும் இருந்தால் மாவு மிகையாகப் புளித்திருக்கிறதே தவிர, கெட்டுவிடவில்லை. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அந்த அமிலத்தில் பெருக இயலாது. உண்மையில், ஒரு நாள் முழுதும் வெளியில் இருந்தும் புளிக்காத மாவையே கூடுதலாக ஐயுற வேண்டும்.

ஆனால் அமிலம் பூஞ்சையைத் தடுப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் பல நாள் இருந்த புளித்த மாவிலும் பூஞ்சை வருவது இதனாலேயே. மாவை மட்டும் பாராமல், மாவு மட்டத்திற்கு மேலே பாத்திரத்தின் உட்சுவரையும் மூடியின் அடிப்புறத்தையும் பாருங்கள். பூஞ்சை பெரும்பாலும் அங்கேதான் முதலில் தோன்றும். கறுப்புப் புள்ளி கண்டால் உடனே அஞ்ச வேண்டாம். உளுந்துத் தோலின் துணுக்கு தட்டையாக, மாவு முழுவதிலும் கலந்திருக்கும். பூஞ்சையோ மேற்பரப்பில் மட்டும், பஞ்சு போன்ற மயிர்களுடன் இருக்கும். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை நிறத் திட்டுகள் எங்கிருந்தாலும் மாவு கெட்டதே. அழுகிய முட்டையையோ சாக்கடையையோ நினைவூட்டும் வாடை, உளுந்தின் புரதம் சிதைந்ததன் அடையாளம். கரண்டியில் எடுத்தால் வழக்கமான உளுந்துக் கொழகொழப்பைத் தாண்டி நூல் நூலாக இழுபடுவதும் அவ்வாறே. ஐயமுள்ள மாவை நாவில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

மேலே படிந்த பூஞ்சையை வழித்து எறிந்துவிட்டு மீதியை ஆவியில் வேகவைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். அவை விட்டுச்செல்லும் நஞ்சு இட்லி வேகும் வெப்பத்தில் அழியாது. அரிசி உணவுகளில் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வாந்தி உண்டாக்கும் நஞ்சும் அத்தகையதே. உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்திற்குள் வாந்தி தொடங்கும்.

மேற்சொன்ன விடியற்கால மாவுக்கு வருவோம். நிறம் மாறவில்லை, பூஞ்சையில்லை, புளிப்பு வாடை மட்டுமே என்றால் அதனை இட்லிக்கு விடுத்து, அன்றே தோசையாகவோ ஊத்தப்பமாகவோ வார்த்துவிடலாம். புதிதாக ஆட்டிய மாவைச் சம அளவு கலந்தால் புளிப்பு தணியும். கலந்த மாவை மீண்டும் வெளியில் வைக்கலாகாது. புளிப்பை முறிக்க ஆப்பசோடா சேர்க்கும் வழக்கம் நோயாளி உள்ள வீட்டிற்கு ஏற்றதன்று. சோடாவிலும் சோடியம் உண்டு; உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இரத்த அழுத்த, சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு அது கணக்கில் சேரும். அமிலத்தை முறிப்பதால் மாவின் பாதுகாப்பும் குறைகிறது. நெஞ்செரிச்சலும் வயிற்றுப்புண்ணும் உள்ளவர்களுக்கு மிகைப் புளிப்பே தொல்லை தரும்.

புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் ஆகியோருக்கு அளவுகோல் இன்னும் கடுமையானது. வெண்ணிறப் படலம் படிந்த மாவையோ பல நாள் பழகிய மாவையோ அவர்களுக்குத் தர வேண்டாம்; ஐயமிருந்தால் கொட்டிவிடுங்கள்.

கோடையில் உளுந்தை மூன்று, நான்கு மணி நேரத்திற்கு மேல் ஊறவைக்காமல், நீரை மாற்றி ஆட்டுங்கள். உறங்கச் செல்லுமுன் மாவு ஒன்றரை மடங்கு எழும்பியிருந்தால் அப்போதே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உள்ளேயும் அது மெல்லப் புளிக்கும். நெடுநேரம் மின்தடை ஏற்பட்டால் அந்நேரத்தை வெளியில் இருந்த நேரமாகவே கணக்கிடுங்கள். நோயாளிக்குரிய பங்கை உப்பிடாமல் சிறு பாத்திரத்தில் தனியே எடுத்து, ஈரமில்லாத கரண்டியால் மட்டும் அள்ளுங்கள்.